மூன்று விமான நிறுவனங்கள், மூன்று விதமான லக்கேஜ் அளவு: எது பொருந்தும்?

கேள்வி: "ஜகார்த்தாவிலிருந்து சிங்கப்பூர், ஃபிராங்க்ஃபர்ட் வழியாக லிஸ்பன் போகிறேன். மூன்று விமானமும் மூன்று வெவ்வேறு நிறுவனங்கள். முதல் நிறுவனத்தின் தளத்தில் 20 கிலோ என்கிறார்கள், இரண்டாவதில் 30 கிலோ, மூன்றாவதில் 'லைட்' கட்டணம், பையே கிடையாது என்கிறார்கள். நான் எத்தனை கிலோ கொண்டுபோகலாம்? ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு நாள் தங்கவும் யோசிக்கிறேன். அதனால் ஏதாவது மாறுமா?"

மாறும், அதுவும் நிறையவே. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் பார்க்க வேண்டியது, இந்த மூன்று விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா என்பதை. விமான டிக்கெட் பிரிவிலும் செக்-இன் கவுன்டரிலும் பல வருடங்கள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், லக்கேஜ் சண்டைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. பணம் ஒரே தடவை கட்டியிருப்பீர்கள், ஒரே முன்பதிவு எண்ணும் வந்திருக்கும். அதை வைத்து ஒரே டிக்கெட் என்று முடிவு செய்ய முடியாது. சில முன்பதிவுத் தளங்கள் தனித்தனி டிக்கெட்டுகளை வாங்கி, ஒரே எண்ணின் கீழ் அழகாக அடுக்கிக் காட்டும். நீங்கள் பார்க்க வேண்டியது மின் டிக்கெட் எண்ணை. அது 13 இலக்கம். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட நிறுவனத்தைக் குறிக்கும். மூன்று விமானத்துக்கும் அதே 13 இலக்கம் இருந்தால் ஒரே டிக்கெட். ஒரு டிக்கெட்டில் நான்கு விமானங்கள்தான் அடங்கும் என்பதால், போக வர ஆறு விமானம் இருந்தால் அடுத்தடுத்த இரண்டு எண்கள் வரும். ஒன்றோடொன்று இணைத்து வெளியிடப்பட்ட எண்களாக இருந்தால் அதுவும் ஒரே டிக்கெட்டாகத்தான் கணக்கு. முதல் விமானத்துக்கு ஒரு எண், அடுத்ததற்கு முதல் மூன்று இலக்கமே வேறாக ஒரு எண் என்றால், உங்களிடம் இருப்பது இரண்டு தனி ஒப்பந்தங்கள்.

தனி டிக்கெட் என்றால் பதில் சுருக்கமானது, இனிமையானதும் அல்ல. ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அதனதன் அளவுதான். முதல் டிக்கெட்டில் 20 கிலோ, இரண்டாவதில் 30, மூன்றாவதில் ஒன்றுமில்லை என்றால், முழுப் பயணத்துக்கும் பயன்படும் அளவு ஒன்றுமில்லை என்பதுதான். மூன்றாவதற்குத் தனியாகப் பை வாங்க வேண்டும். கவுன்டரில் இருப்பவர் நல்ல மனதோடு லிஸ்பன் வரைக்கும் டேக் போட்டுக் கொடுத்தாலும் இது மாறாது. டேக் என்பது பை எங்கே போக வேண்டும் என்று சொல்கிற சீட்டு. எவ்வளவு இலவசம் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

ஒரே டிக்கெட் என்றால் கணக்கு வேறு. இங்கே பலரும் ஊகிக்கிற மூன்று விதிகள் உண்டு: முதல் விமானத்தின் அளவு செல்லும், மூன்றில் குறைந்தது செல்லும், டிக்கெட் வெளியிட்ட நிறுவனத்தின் அளவு செல்லும். மூன்றுமே உங்கள் பயணத்துக்குப் பொருந்தாது. விமான நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான ஐயாட்டாவின் 302-ஆம் தீர்மானம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, பையை ஒப்படைக்கும் இடத்திலிருந்து அதைத் திரும்ப எடுக்கும் இடம் வரை ஒரே பயணமாக எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பயணத்தில் பங்கேற்கிற நிறுவனங்களின் விதிகள் ஒன்றாக இருந்தால் பிரச்சினையே இல்லை. வேறுபட்டால், அவற்றில் ஒன்றை முதன்மை நிறுவனமாகக் கண்டுபிடித்து, அதன் விதியை முழு வழிக்கும் பொருத்த வேண்டும்.

முதன்மை நிறுவனத்தைக் கண்டுபிடிக்கும் முறையைக் கேட்டால் முதலில் கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். ஐயாட்டா உலகத்தை மூன்று பகுதிகளாகப் பிரித்திருக்கிறது. வட, தென் அமெரிக்கா முதல் பகுதி. ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா சேர்ந்து இரண்டாவது. ஆசியாவின் மற்ற இடங்களும் ஆஸ்திரேலியாவும் பசிபிக் தீவுகளும் மூன்றாவது. பயணம் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறது என்றால், அந்த எல்லையை முதலில் தாண்டுகிற விமானத்தின் நிறுவனம்தான் முதன்மை. (அமெரிக்கக் கண்டத்தையும் சேர்த்து மூன்று பகுதிகளையும் தொடும் பயணத்துக்கு ஒரு தனி விதிவிலக்கு உண்டு, உங்களுக்கு அது வேண்டாம்.) ஒரே பகுதிக்குள் பயணம் என்றால், அதற்குள் இருக்கும் உட்பகுதிகளின் எல்லையை முதலில் தாண்டுகிற விமானம். ஒரே உட்பகுதிக்குள் என்றால், நாட்டின் எல்லையை முதலில் தாண்டுகிற விமானம். இந்த வரைபடம் பள்ளிக்கூட வரைபடம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மொராக்கோவும் துனிசியாவும் இங்கே ஐரோப்பாவில் சேரும், எகிப்து மத்திய கிழக்கில் சேரும்.

உங்கள் பயணத்தை இதில் வைத்துப் பார்ப்போம். ஜகார்த்தாவும் சிங்கப்பூரும் மூன்றாம் பகுதியில், அதுவும் தென்கிழக்கு ஆசியா என்ற ஒரே உட்பகுதியில் இருக்கின்றன. அதனால் முதல் விமானம் எந்தப் பெரிய எல்லையையும் தாண்டவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் போகிற விமானம் மூன்றாம் பகுதியிலிருந்து இரண்டாம் பகுதிக்குள் நுழைகிறது. அந்த விமானத்தை ஓட்டும் நிறுவனம்தான் முதன்மை. அதன் 30 கிலோ, ஜகார்த்தா கவுன்டரில் தொடங்கி லிஸ்பனில் பையை எடுக்கும் வரை செல்லும். முதல் நிறுவனத்தின் 20 கிலோவும் செல்லாது, மூன்றாவதன் பூஜ்யமும் செல்லாது. கூடுதல் எடைக்குக் கட்டணம் கட்ட வேண்டி வந்தாலும், கவுன்டரில் பணம் வாங்குவது முதல் நிறுவனமாக இருக்கலாம், ஆனால் பார்க்க வேண்டிய கட்டண விதி முதன்மை நிறுவனத்தினுடையது.

பலர் இதை 'நீளமான விமானத்தின் விதி' என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள். பெரும்பாலும் அப்படியே அமையும், ஆனால் விதி அது அல்ல. நீங்கள் ஃபிராங்க்ஃபர்ட்டுக்குப் பதிலாக துபாய் வழியாக, ஜகார்த்தா–துபாய் ஒரு நிறுவனத்திலும் துபாய்–லிஸ்பன் இன்னொன்றிலும் போயிருந்தால், துபாய் ஏற்கெனவே இரண்டாம் பகுதி. ஆகவே ஜகார்த்தா–துபாய் நிறுவனம்தான் முதன்மை. இரண்டாவது விமானத்தின் தூரத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

சரி, இப்போது ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு நாள். சர்வதேசப் பயணத்தில் இடையில் 24 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் அது கனெக்ஷன் அல்ல, ஸ்டாப்ஓவர். உங்கள் பை ஃபிராங்க்ஃபர்ட்டில் உங்கள் கைக்கு வந்துவிடும், முதல் லக்கேஜ் பயணம் அங்கே முடிந்துவிடும். இரண்டு நாள் கழித்து லிஸ்பனுக்குக் கிளம்பும்போது தொடங்குவது புதிய லக்கேஜ் பயணம். ஃபிராங்க்ஃபர்ட்–லிஸ்பன் முழுக்க ஐரோப்பாவுக்குள். அதில் இருப்பது ஒரே நிறுவனம், அதுதான் முதன்மையும். அந்த நிறுவனத்தின் கட்டணம் லைட் என்றால், பை இல்லை என்பது அந்தத் துண்டுக்கு அப்படியே செல்லும். டிக்கெட் அதே டிக்கெட், பை அதே பை. ஆனாலும் முதல் பாதிக்கு 30 கிலோ, இரண்டாம் பாதிக்கு ஒன்றுமில்லை.

அதனால் ஸ்டாப்ஓவர் ஆசையைக் கைவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை. தேதியை முடிவு செய்யும்போதே கடைசி விமானத்துக்கு ஒரு பையின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்கிறேன். அதை முன்கூட்டியே இணையத்தில் வாங்கினால் பொதுவாக விமான நிலைய விலையைவிடக் குறைவு. இன்னொரு வழி, தங்கலை 24 மணி நேரத்துக்குள் அடக்குவது. 20 மணி நேரம் தங்கி, பையையும் கையோடு வெளியே எடுத்துப்போய் மறுநாள் திரும்ப ஒப்படைத்தாலும், டிக்கெட் கணக்கில் அது கனெக்ஷன்தான். டிக்கெட்டில் கடைசி விமானத்துக்கு எதிரே இருக்கும் அளவு மாறியிருக்காது. ஒருமுறை வெளியே எடுத்துவிட்டால் புதிதாகப் பணம் கட்ட வேண்டும் என்று கவுன்டரில் யாராவது சொன்னால், டிக்கெட்டில் உள்ள அளவைக் காட்டுங்கள்.

அந்த அளவு எங்கே இருக்கிறது? மின் டிக்கெட் ரசீதில் ஒவ்வொரு விமானத்துக்கும் எதிரே ஒரு சிறிய குறியீடு இருக்கும். `30K` என்றால் மொத்தம் 30 கிலோ. `1PC` என்றால் ஒரு பை, `2PC` என்றால் இரண்டு பை, `0PC` என்றால் இலவசப் பை கிடையாது. பை எண்ணிக்கைக் கணக்கில் எகானமியில் ஒரு பைக்கு 23 கிலோ வரை என்பது பரவலான வழக்கம். எடைக் கணக்கில் மொத்தத்தை இரண்டு பையாகப் பிரித்தும் கொண்டுபோகலாம், ஆனால் ஒரே பை 32 கிலோவைத் தாண்டினால் தூக்குபவர்களின் பாதுகாப்புக்காகப் பெரும்பாலான இடங்களில் எடுக்கவே மாட்டார்கள். ஒரே லக்கேஜ் பயணத்துக்குள் இருக்கும் எல்லா விமானங்களுக்கும் இந்தக் குறியீடு ஒரே மாதிரி இருக்க வேண்டும். உங்கள் ரசீதில், ஸ்டாப்ஓவர் இல்லாமல், `30K`, `30K`, `30K` என்று வந்திருந்தால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். `20K`, `30K`, `0PC` என்று வந்திருந்தால், ஒன்று அவை தனித்தனி டிக்கெட்டுகள், அல்லது டிக்கெட் போட்டவர்களின் கணினி தவறாகக் கணக்கிட்டிருக்கிறது. இரண்டாவது காரணம் என்றால் பயணத்துக்கு முன்பே டிக்கெட் வெளியிட்டவரிடம் பேசித் திருத்தி வாங்குங்கள். விமான நிலையத்தில் கவுன்டரில் இருப்பவர் தன் திரையில் தெரிவதைத்தான் நம்புவார், 302-ஆம் தீர்மானத்தை அவரோடு விவாதிக்க வரிசை இடம் கொடுக்காது.

திரும்பி வரும் வழியில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். லிஸ்பனில் உங்களை செக்-இன் செய்வது அந்த மூன்றாவது நிறுவனம். அதன் செயலியைத் திறந்தால், 'உங்கள் கட்டணம் லைட், பை இல்லை, இப்போதே வாங்குங்கள்' என்று காட்டலாம். அந்தச் செயலி தன் சொந்தக் கட்டணப் பட்டியலைப் பார்த்துப் பேசுகிறது, உங்கள் கூட்டு டிக்கெட்டின் கணக்கை எடுப்பதில்லை. லிஸ்பன்–ஃபிராங்க்ஃபர்ட்–சிங்கப்பூர்–ஜகார்த்தா வழியில் பகுதி எல்லையை முதலில் தாண்டுவது ஃபிராங்க்ஃபர்ட்–சிங்கப்பூர் விமானம். ஆகவே அதே நிறுவனம் முதன்மை, அதன் அளவே செல்லும். பயந்து செயலியில் பை வாங்கிவிட்டால் அந்தப் பணத்தைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. வாங்கும் முன் ரசீதைப் பாருங்கள்.

ஒரு நிறுவனத்துக்குள்ளேயே கட்டண வகைகளைக் கலக்கும்போதும் இதே தர்க்கம்தான். போகும்போது பை இல்லாத கட்டணம், வரும்போது பை உள்ள கட்டணம் என்று வாங்கினால், ஒவ்வொரு திசைக்கும் அதனதன் அளவு. போகும்போது சேர்த்துக் கொண்டுபோய்விடலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரே திசைக்குள் வகுப்பு மாறினால் சற்றுச் சிக்கல். ஜகார்த்தா–சிங்கப்பூர் எகானமி, சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் பிசினஸ் என்றால், கட்டண விதிகளின் தானியங்கிக் கணக்கு முதன்மையான அந்தப் பெரிய விமானத்தின் வகுப்பைப் பார்க்கும். முழு வழிக்கும் பிசினஸ் அளவு கிடைக்கும். தலைகீழாக, குட்டி விமானத்தில் பிசினஸ், பெரிய விமானத்தில் எகானமி என்றால் எகானமி அளவுதான். சில நிறுவனங்கள் இதில் தாராளமாக இருந்து உயர்ந்த வகுப்பின் அளவையே கொடுக்கின்றன. இது அந்தந்த நிறுவனத்தின் விருப்பம், பொது விதி அல்ல. டிக்கெட் வாங்கிய பிறகு ஏலத்தில் கேட்டோ மைல்கள் கொடுத்தோ மேல் வகுப்புக்கு மாறுவதும் அப்படித்தான்: இருக்கை மாறும், லக்கேஜ் அளவு மாறுமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. புதிய டிக்கெட் ரசீது வந்தால் அதில் உள்ள குறியீட்டைப் பாருங்கள், வரவில்லை என்றால் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கோட்ஷேர் பற்றியும் ஒரு வார்த்தை. டிக்கெட்டில் ஒரு நிறுவனத்தின் விமான எண் இருக்கும், ஓட்டுவது வேறொன்றாக இருக்கும். ஐயாட்டா முறையில் எல்லை தாண்டும் விமானம் கோட்ஷேராக இருந்தால், அதை உண்மையில் ஓட்டுகிற நிறுவனம்தான் முதன்மை. ஓட்டும் நிறுவனமே 'விற்றவரின் விதி செல்லட்டும்' என்று அறிவித்திருந்தால் மட்டும் விற்றவருடையது. எனவே சிங்கப்பூர்–ஃபிராங்க்ஃபர்ட் எண்ணின் கீழே 'இயக்குபவர்' என்று வேறு பெயர் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். இருந்தால், நீங்கள் பார்த்த 30 கிலோ எந்த நிறுவனத்தின் தளத்தில் என்பது முக்கியமாகிவிடும்.

இதுவரை சொன்னது எல்லாம் உங்களுடையது போன்ற பயணங்களுக்கு. பயணம் தொடங்கும் இடமோ இறுதியாகச் சேரும் இடமோ அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருந்தால் வேறு சட்டம். அந்நாட்டின் போக்குவரத்துத் துறை 2011-இல் வெளியிட்ட விதிப்படி, பயணத்தின் தொடக்கத்தில் பொருந்தும் அளவும் கட்டணமும்தான் டிக்கெட் முடியும் வரை செல்ல வேண்டும். இடையில் ஸ்டாப்ஓவர் வந்தாலும், திரும்பி வரும் வழியிலும் அதுவே. முதல் விமானத்தைத் தன் எண்ணில் விற்கும் நிறுவனம், தன் விதியா அல்லது ஐயாட்டா முறைப்படி வரும் முதன்மை நிறுவனத்தின் விதியா என்று தேர்வு செய்யும். கோட்ஷேரிலும் அங்கே ஓட்டுபவரைவிட விற்றவருக்குத்தான் முன்னுரிமை. கனடாவிலும் இதை ஒட்டிய முறை இருக்கிறது. 'முதல் விமானத்தின் விதி எல்லாவற்றுக்கும் செல்லும்' என்று இணையத்தில் படித்திருந்தீர்கள் என்றால், அது இந்த நாடுகளுக்கான பயணம் பற்றிய பேச்சாகத்தான் இருக்கும்.

கேபின் பையை மேலே சொன்ன எந்தக் கணக்கிலும் சேர்க்க வேண்டாம். அங்கே முதன்மை நிறுவனம் என்ற கணக்கு உதவாது, ஒவ்வொரு விமானத்தின் வாசலிலும் அதை ஓட்டும் நிறுவனத்தின் அளவுதான். உங்கள் மூன்றில் எது கண்டிப்பானதோ அதற்கு ஏற்ற பையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, விமானம் ரத்தாகி நிறுவனமே உங்களை வேறு நிறுவனத்தில் ஏற்றி அனுப்பினால், செக்-இன் பைக்கு முதலில் வாங்கிய டிக்கெட்டின் அளவே தொடரும். நீங்களாகத் தேதியோ வழியோ மாற்றினால் அப்படியல்ல, புதிய டிக்கெட்டுக்கு எல்லாம் முதலிலிருந்து கணக்கிடப்படும். ஃபிராங்க்ஃபர்ட் தங்கலை இப்போது சேர்ப்பதும் அந்த வகைதான். மாற்றும்போதே, புதிய ரசீதில் லிஸ்பன் விமானத்துக்கு எதிரே என்ன குறியீடு வரும் என்று கேட்டு, `0PC` என்றால் அங்கேயே அந்த விமானத்துக்குப் பையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள்.